குழந்தை கார்டிகன் பேட்டர்னை மூன்று சைஸில் எழுதுவது எப்படி

"தங்கை குழந்தைக்குக் கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன் கார்டிகன் ஒன்று பின்னினேன். பார்த்தவர்கள் பேட்டர்ன் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது நோட்டில் எழுதிவைத்த எண்கள்தான், அதுவும் ஒரே சைஸ். இதை மூன்று சைஸுக்குத் தமிழில் எப்படி எழுதுவது? சுருக்கக் குறிகளை எப்படி வைப்பது?"

நோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். முதல் வேலை, பின்னிய கார்டிகனைத் துவைத்து, இழுக்காமல் விரித்துக் காயவைத்து, முதுகுப் பக்கம் நடுவில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை என்று எண்ணுவது. துவைப்பதற்கு முன் எண்ணினால் அந்த எண் பொய் சொல்லும், உல்லன் நூல் தண்ணீர் பட்டதும் தளரும். மூன்று சைஸுக்கும் எல்லா எண்களும் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் வரப்போகின்றன. டிகே நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் பெரும்பாலும் 22 கண்ணி, 30 வரிசை என்று வரும், நான் அதையே வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது வேறாக இருந்தால் அதைப் போட்டுக் கணக்குப் பாருங்கள், வழி ஒன்றுதான்.

ஊசியின் அளவை மில்லிமீட்டரில் மட்டும் எழுதுங்கள். நம் ஊர்க் கடைகளில் ஊசியைப் பழைய பிரிட்டிஷ் எண்ணில் கேட்டு வாங்குகிறோம், அதில் 8ஆம் எண் என்றால் 4 மி.மீ. அமெரிக்க எண்ணில் 8 என்றால் 5 மி.மீ. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் அக்காவோ சித்தியோ உங்கள் பேட்டர்னில் "8ஆம் எண் ஊசி" என்று பார்த்துப் பின்னினால் குழந்தைக்குப் பதில் அதன் அண்ணனுக்குத்தான் சட்டை கிடைக்கும்.

இப்போது சைஸ். உங்கள் ஒரு சைஸை எடுத்து எல்லா எண்ணையும் பத்து சதவீதம் கூட்டி, பத்து சதவீதம் குறைத்து மற்ற இரண்டையும் செய்யலாம் என்று தோன்றும், அது சரிவராது. குழந்தை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. கிராஃப்ட் யார்ன் கவுன்சிலின் அளவுப் பட்டியலில் 3, 6, 12 மாதக் குழந்தைகளின் மார்புச் சுற்று 16, 17, 18 அங்குலம், அதாவது சுமார் 40.5, 43, 45.5 செ.மீ. மார்பு ஒவ்வொரு படிக்கும் இரண்டரை செ.மீ.தான் கூடுகிறது, ஆனால் கையும் உடம்பும் அதைவிட வேகமாக நீள்கின்றன. அதனால் அகலத்தைத் தனியாகவும் நீளத்தைத் தனியாகவும் கணக்குப் போட வேண்டும். அகலம் எல்லாம் கண்ணியில், நீளம் எல்லாம் செ.மீ.யில் என்று எழுதிவிட்டால் வேலை பாதி குறையும்.

உள்ளே ஒரு பனியன் போட்டு அதன் மேல் மாட்ட வேண்டும் என்பதால் மார்புக்கு மேல் 5 செ.மீ. போல லூஸ் விடுகிறோம். பெரிய சைஸுக்கு இன்னும் ஒன்றரை செ.மீ. கூட விட்டாலும் தப்பில்லை, தவழ ஆரம்பித்திருக்கும். சரி, ராக்லனின் கணக்கைப் பார்ப்போம். கழுத்தில் கண்ணிகளை ஐந்து பகுதியாகப் பிரிக்கிறோம்: முன்பக்கம், கை, முதுகு, கை, முன்பக்கம். நடுவில் நான்கு குறி வளையங்கள். ஒவ்வொரு குறியின் இரண்டு பக்கமும் ஒன்று கூட்டினால் ஒரு வரிசைக்கு 8 கண்ணி கூடும். முன்பக்கத்துக்கு 1, கைக்கு 2, முதுகுக்கு 2. இதுதான் முழுக் கணக்கும்.

நடு சைஸை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் முன்பக்கம் 13, கை 8, முதுகு 22, கை 8, முன்பக்கம் 13, மொத்தம் 64. முன்பக்கத்தின் 13இல் விளிம்பில் இருக்கும் 5 கண்ணி பட்டன் பட்டி. கூட்டும் வரிசை 14 முறை போனால் முன்பக்கம் 27, கை 36, முதுகு 50 ஆகிவிடும். மொத்தம் 176. இதைச் சரிபார்க்க 64உடன் 14 பெருக்கல் 8, அதாவது 112 கூட்டுங்கள், 176 வருகிறதா, வருகிறது. கைகளை வேறு நூலில் ஏற்றி ஒதுக்கிவிட்டு, இரண்டு அக்குளிலும் 4 கண்ணி புதிதாகப் போட்டால் உடம்பில் 27 + 4 + 50 + 4 + 27 = 112 கண்ணி. பட்டன் போடும்போது ஒரு பட்டி இன்னொன்றின் மேல் ஏறும், அதனால் 5ஐக் கழித்துவிட்டுத்தான் சுற்றளவு பார்க்க வேண்டும். 107 கண்ணியை 2.2ஆல் வகுத்தால் 48.6 செ.மீ. 43 செ.மீ. மார்புக்கு ஐந்தரை செ.மீ. லூஸ். இந்த 5ஐக் கழிக்க மறந்துபோன பேட்டர்ன்கள்தான் பின்னி முடித்ததும் சொன்ன அளவைவிட இரண்டு செ.மீ. இறுக்கமாக நிற்கின்றன.

இதே மாதிரி சின்ன சைஸுக்குக் கழுத்தில் 60இல் தொடங்கி 13 கூட்டும் வரிசை, பெரிய சைஸுக்கு 68இல் தொடங்கி 15. மார்பு 45 செ.மீ., 52 செ.மீ. என்று வருகிறது. உடம்பின் கண்ணிகள் 104, 112, 120. படிக்கு 8 கண்ணி கூடுகிறது, பார்த்தீர்களா? இது காரணத்தோடு வைத்தது. இரண்டு பட்டியையும் விட்டால் உடம்பில் மிச்சம் 94, 102, 110. கீழே இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப் போட ஆசைப்பட்டால் மூன்றுமே நான்கின் மடங்கு கூட்டல் 2, ரிப் இரு ஓரமும் ஒரே மாதிரி முடியும். ஆனால் 6 கண்ணிக்கு ஒருமுறை வரும் லேஸ் டிசைன் வைத்தீர்களோ, ஒரு சைஸில் பொருந்தும், மற்ற இரண்டில் மிச்சம் விழும். டிசைன் வைப்பதாக இருந்தால் 4 அல்லது 8 கண்ணியில் திரும்பி வருவதாகப் பார்த்து எடுங்கள், இல்லையென்றால் அதைப் பட்டியில் மட்டும் வைத்துவிடுங்கள்.

சைஸ் பெயரை மாதத்தில் எழுதலாம், ஆனால் அதன் பக்கத்திலேயே பின்னி முடித்த மார்புச் சுற்றையும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் ஒரு குழந்தை ஐந்து கிலோ, இன்னொன்று ஒன்பது கிலோ. அம்மா கையில் டேப் இருக்கும், அவர் மாதத்தைப் பார்த்தால் ஏமாறுவார்.

அடுத்தது அடைப்புக்குறி. முதல் எண் சின்ன சைஸ், உள்ளே நடுவும் பெரியதும், எப்போதும் இதே வரிசையில்: 60 (64, 68). மூன்றுக்கும் ஒரே எண் என்றால் அடைப்பே வேண்டாம், "8" என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு சைஸுக்கு ஒரே எண்ணும் மூன்றாவதுக்கு வேறும் என்றால் முழுவதுமாக 4 (4, 5) என்றே எழுத வேண்டும், சுருக்கினால் படிப்பவர் எந்த எண் யாருக்கு என்று தடுமாறுவார். திரும்பச் செய்யும் பகுதியை வட்ட அடைப்பில் போடாதீர்கள். வட்டம் சைஸுக்கு மட்டும், சதுரம் திரும்பச் செய்வதற்கு மட்டும். இரண்டையும் கலந்துவிட்ட பேட்டர்னில்தான் "இந்த 4 எனக்கா, நாலு முறையா" என்ற குழப்பம் வரும்.

இப்போது சுருக்கக் குறி. ஆங்கிலப் பேட்டர்ன்களின் குறிகளை எழுத்துக்கு எழுத்து தமிழில் எழுதினால் படிப்பவருக்கு அது புதிர்தான். தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் குறியும் தமிழிலேயே செய்வதைச் சொல்லட்டும். இந்தக் கார்டிகனுக்கு இவ்வளவு போதும்:

```
நி      நிட்
ப       பர்ல்
நப      நல்ல பக்கம், வெளியே தெரியும் பக்கம்
பிப     பின்பக்கம், உள்ளே போகும் பக்கம்
கு      குறி வளையம் போடு
குமா    குறி வளையத்தை வலது ஊசிக்கு மாற்று
முபி    ஒரே கண்ணியில் முன்னால் ஒரு நிட், கழற்றாமல்
        பின்னால் ஒரு நிட்; 1 கண்ணி கூடும்
வல2சே   2 கண்ணியைச் சேர்த்து நிட்; வலப்பக்கம் சாயும்,
        1 கண்ணி குறையும்
இட2சே   2 கண்ணியை ஒவ்வொன்றாக நிட் செய்வதுபோல் மாற்றி,
        பின்வழியாகச் சேர்த்து நிட்; இடப்பக்கம் சாயும்,
        1 கண்ணி குறையும்
நூசு    நூலை முன்னே கொண்டுவந்து ஊசி மேல் சுற்று;
        1 கண்ணி கூடும்
```

ஒவ்வொன்றிலும் எத்தனை கூடும், எத்தனை குறையும் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பட்டியலில் இருக்க வேண்டியதில் முக்கியமானது அதுதான். வரிசை முடிவில் எண்ணிக்கை இடித்தால் படிப்பவர் தன் கையில் எங்கே தப்பு என்று இதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் பின்னுகிறவர்கள் ஆளுக்கொரு முறை வைத்திருப்பார்கள், ஆகவே "1 கூட்டு" என்று மட்டும் எழுதினால் ஒருவர் முபி செய்வார், இன்னொருவர் இடையில் இருக்கும் நூலைத் தூக்கிப் பின்னுவார். எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் ராக்லன் கோட்டில் ஒருவருக்குச் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. படத்தில் இருப்பது போலவே வர வேண்டுமானால் எந்த முறை என்று சொல்லத்தான் வேண்டும்.

பேட்டர்னில் ஒரே ஒருமுறை வரும் செயலுக்குக் குறி வைக்காதீர்கள், அங்கேயே முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். அக்குளில் புதிதாகக் கண்ணி போடுவது, கையை வேறு நூலில் ஏற்றுவது எல்லாம் அப்படித்தான். எதிர்ப்பக்கமும் சொல்கிறேன்: பேட்டர்னில் எங்குமே வராத குறி பட்டியலில் இருக்கக் கூடாது. வேறு பேட்டர்னிலிருந்து பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினால் இது நடக்கும், படிப்பவர் அந்தக் குறி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே இருப்பார். எழுதி முடித்த பிறகு, பேட்டர்னை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும் குறிகளை ஒரு தாளில் எழுதுங்கள், அந்தத் தாள்தான் உங்கள் பட்டியல்.

இனி பேட்டர்னின் உடம்பு. தோள் பகுதி இப்படி இருக்கும்:

```
60 (64, 68) கண்ணி போடவும். 6 வரிசை நி, முதல் வரிசை நப.
6ஆம் வரிசையில் குறி போடவும்: நி 12 (13, 14), கு, நி 8, கு,
நி 20 (22, 24), கு, நி 8, கு, நி 12 (13, 14).

கூட்டும் வரிசை, நப: [அடுத்த குறிக்கு 1 கண்ணி முன்பு வரை நி,
முபி, குமா, முபி] 4 முறை, கடைசி வரை நி. 8 கண்ணி கூடும்.
அடுத்த வரிசை, பிப: நி 5, கடைசி 5 வரை ப, நி 5.
இந்த 2 வரிசையையும் மொத்தம் 13 (14, 15) முறை செய்யவும்.
164 (176, 188) கண்ணி.
```

கடைசி வரியில் உள்ள எண்ணிக்கையை விடவே கூடாது. கூட்டியோ குறைத்தோ பிரித்தோ முடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் மொத்தத்தை எழுதுங்கள். "மொத்தம் 13 முறை" என்பதில் "மொத்தம்" என்ற சொல்லும் வேண்டும். "இன்னும் 13 முறை" என்று எழுதினால் அது 14, எட்டுக் கண்ணி அதிகம்.

காஜாதான் பலரும் தடுக்கி விழும் இடம். கழுத்துப் பட்டியின் 3ஆம் வரிசையில் முதல் காஜா வருகிறது, அப்புறம் 14 (16, 18) வரிசைக்கு ஒன்று, மொத்தம் 5. அதாவது இது தோளைப் பின்னும்போதே, உடம்பைப் பின்னும்போதே கூடவே நடக்கிறது. இதைத் தோள் பகுதியின் கடைசியில் "அதே சமயத்தில் காஜா வைக்கவும்" என்று எழுதினால் பின்னுகிறவர் அதைப் படிக்கும்போது முப்பது வரிசை தாண்டியிருப்பார், பிரிப்பதைத் தவிர வழி இல்லை. கண்ணி போடுவதற்கு முன்னாலேயே, தனிப் பத்தியாக, "முதலில் இதைப் படிக்கவும்" என்று வையுங்கள். காஜாவுக்கான ஐந்து கண்ணி: நி 1, வல2சே, நூசு, நி 2. குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று, ஆகவே மொத்த எண்ணிக்கை மாறாது.

எந்தப் பக்கம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். மேலிருந்து கீழே பின்னும்போது நல்ல பக்க வரிசை குழந்தையின் இடது முன்பக்கத்தில் தொடங்கி வலது முன்பக்கத்தில் முடிகிறது. பெண் குழந்தைக்கு வலது பக்கம் காஜா என்றால் நல்ல பக்க வரிசையின் கடைசி 5 கண்ணியில் வரும். ஆண் குழந்தைக்கு முதல் 5 கண்ணியில், வரிசையைத் திருப்பி: நி 2, நூசு, வல2சே, நி 1. "வலது பட்டியில்" என்று மட்டும் எழுதினால் ஊசியில் வலப்பக்கம் தெரிவதா, குழந்தையின் வலதா என்று தெரியாது, இரண்டும் இங்கே எதிரெதிர்.

பிரிக்கும் வரிசையை ஒரே மூச்சில் எழுதுங்கள்: நி 25 (27, 29), கையின் 34 (36, 38) கண்ணியை வேறு நூலில் ஏற்றி, 4 கண்ணி புதிதாகப் போட்டு, நி 46 (50, 54), இரண்டாவது கைக்கும் அதேபோல், நி 25 (27, 29). குறிகளைக் கழற்றிவிடலாம். 104 (112, 120) கண்ணி. இதன் பிறகு உடம்புக்குக் கண்ணி மாறப்போவதில்லை, அதனால் "அக்குளிலிருந்து 10.5 (12.5, 14.5) செ.மீ. வரும்வரை, பின் எல்லா வரிசையும் நிட்டாக 2.5 செ.மீ., தளர்வாக முடிக்கவும்" என்றால் போதும்.

கைக்கு அக்குளில் 4 கண்ணி எடுத்து 38 (40, 42), வட்டமாகப் பின்னுவது. அக்குள் மூலையில் இரண்டு பக்கமும் ஓட்டை விழும், அதற்கு ஒவ்வொரு பக்கமும் கூட ஒரு கண்ணி எடுத்து அடுத்த சுற்றில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். 8 சுற்றுக்கு ஒருமுறை நி 1, வல2சே, கடைசி 3 வரை நி, இட2சே, நி 1 என்று 4 (4, 5) முறை குறைத்தால் 30 (32, 32) கண்ணி. கையின் மொத்த நீளம் மணிக்கட்டுப் பட்டியோடு 15 (16.5, 19) செ.மீ. பெரிய சைஸுக்குக் கூட ஒருமுறை குறைப்பது மணிக்கட்டுக்காக. மணிக்கட்டு கை அளவுக்கு வளர்வதில்லை, அகலமாக விட்டால் சாப்பாட்டில் தோயும்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதற்கு சமையலறைத் தராசு போதும். உங்கள் நடு சைஸ் 130 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன சைஸின் அகலம் அதில் 0.93 பங்கு, நீளம் 0.90 பங்கு, இரண்டையும் பெருக்கினால் 0.84, ஆக 109 கிராம். பெரியதற்கு 1.18, அதாவது 153 கிராம். மாதிரித் துண்டுக்கும் கை வித்தியாசத்துக்கும் பத்து சதவீதம் கூட்டி 120 (145, 170) கிராம் என்று எழுதுங்கள். மீட்டரையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. ஒரே எடையுள்ள உண்டையில் பருத்தி நூல் கம்பளி நூலைவிடக் குறைந்த நீளம்தான் ஓடும்.

டென்ஷனைப் பற்றி ஒரு வரி எழுதி நிறுத்திவிடாதீர்கள், தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். 22க்குப் பதில் 20 கண்ணி வருகிற தளர்ந்த கைக்காரர் சின்ன சைஸைப் பின்னினால் 99ஐ 2.0ஆல் வகுத்து 49.5 செ.மீ. வரும். அது உங்கள் நடு சைஸைவிடப் பெரியது. இரண்டே கண்ணி வித்தியாசம், ஒரு சைஸே தாண்டிவிட்டது. அவர் ஊசியை 3.75க்கோ 3.5க்கோ மாற்றிப் பார்க்க வேண்டும். வரிசை எண்ணிக்கை கொஞ்சம் தள்ளி இருந்தால் அவ்வளவு கவலை இல்லை, நீளத்தை செ.மீ.யில்தானே எழுதியிருக்கிறோம். ஆனால் தோள் பகுதி வரிசைக் கணக்கில் போவதால் அதன் ஆழம் மாறும். 10 செ.மீ.க்கு 34 வரிசை விழுகிறவருக்கு நடு சைஸின் 28 வரிசை 9.3க்குப் பதில் 8.2 செ.மீ.தான் வரும், அக்குள் பிடிக்கும். அப்படிப்பட்டவர் பிரிக்கும் முன் கூட்டாமல் இரண்டு நான்கு வரிசை சாதாரணமாகப் பின்னிக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

பட்டி எல்லா வரிசையும் நிட், அதன் பக்கத்தில் இருக்கும் உடம்பு ஒரு வரிசை நிட் ஒரு வரிசை பர்ல். நிட் மட்டும் செய்தால் வரிசைகள் நெருங்கி உட்காரும், அதனால் சிலருக்கு முன்விளிம்பு மேலே சுருக்கி இழுக்கும். கார்டிகனைத் தரையில் விரித்தால் முன்பக்கத்தின் கீழ் முனை முதுகைவிட உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது அப்படி நின்றால், சுமார் பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை பட்டியின் 5 கண்ணியை மட்டும் கூட இரண்டு வரிசை பின்னித் திரும்பச் சொல்லும் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். காஜா வரிசையை எண்ணும்போது இந்தக் கூடுதல் வரிசைகள் சேராது என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

கொடுப்பதற்கு முன் நீங்கள் பின்னாத இரண்டு சைஸையும் வேறு யாரையாவது பின்னச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெரியதை. உங்கள் நடு சைஸில் உங்கள் கை பழகியிருப்பதால் எழுதாததையும் நீங்களாகவே செய்துவிடுவீர்கள். பின்னுகிறவர் உங்களுக்கு போன் செய்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் பேட்டர்னில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், பதிலை அவரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் பேட்டர்னில் அந்த இடத்திலேயே எழுதுங்கள். அவர்களுக்கு நேரம் இல்லை என்றால், ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு ஒவ்வொரு சைஸின் எண்ணை மட்டும் தனியாக எடுத்து எழுதி, மேலிருந்து கீழே கூட்டிக் கழித்து வாருங்கள். 68 + 120 = 188, 188 − 76 + 8 = 120. எங்கே இடிக்கிறதோ அங்கே ஒரு அடைப்புக்குள் எண் இடம் மாறியிருக்கும்.

பட்டன் தைப்பதற்கான வரியில், ஒவ்வொன்றையும் தனித்தனி நூலால் பின்னால் முடிச்சிட்டு இறுக்கித் தைக்கச் சொல்லுங்கள். ஒரே நூலை ஐந்துக்கும் இழுத்துக்கொண்டு போனால் ஒன்று அறுந்ததும் மற்றவையும் தளரும், இந்த வயதில் கழன்று விழும் பட்டன் நேராக வாய்க்குத்தான் போகும்.